வலுவான எஃகில் செய்த ஷாஃப்ட் ஏன் முன்னதாக முறிந்தது?

கேள்வி: துவாஸில் ஒரு மறுசுழற்சி ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். கன்வேயர் டிரம்மின் பழைய ஷாஃப்ட் C45 எஃகு, பல ஆண்டுகள் ஓடியது. தேய்ந்ததால் 4140 எஃகில் புதிதாகக் கடைந்து வாங்கினோம். அது மூன்றே மாதத்தில் சங்கிலிப் பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் அருகில், விட்டம் கூடும் தோள் ஓரத்தில் முறிந்துவிட்டது. விட்டம் 60 மி.மீ., நிமிடத்துக்கு 20 சுற்று, ஒரு நாளைக்குச் சுமார் 10 மணி நேரம் ஓடும். புதிய எஃகின் இழுவிசை வலிமை 1000 MPa, பழையது 650 தான். இனி ஷாட் பீனிங் செய்தால் போதுமா? விட்டத்தைக் கூட்டினால் சோர்வு வலிமை குறையும் என்கிறார்களே, அது உண்மையா? பழைய ஷாஃப்டும் முறிந்த துண்டும் என்னிடம் இருக்கின்றன; படங்களையும் சங்கிலி இழுப்பு, தூரம் ஆகிய அளவுகளையும் அனுப்பியிருக்கிறேன். இதே மாதிரி இன்னொரு ஷாஃப்ட் கிடங்கில் உள்ளது.

பதில்:

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்று பெரும்பகுதி விடையைத் தந்துவிடுகிறது. முறிந்த முகத்தின் விளிம்பைச் சுற்றிச் சிறு படிகள் பல வரிசையாகத் தெரிகின்றன. நடுவைத் தாண்டி ஒரு பக்கமாக, மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு சொரசொரப்பான இடம் இருக்கிறது. அந்தச் சொரசொரப்பான பகுதிதான் கடைசியில் ஒரே நொடியில் முறிந்த பகுதி. அது அவ்வளவு சிறியதாக இருப்பதால், ஷாஃப்ட் தாங்க முடியாத சுமையால் இது முறியவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். சுமை சாதாரணமானதுதான், விரிசல்தான் ஓரத்தில் தொடங்கி ஏறத்தாழ முழு ஷாஃப்டையும் மெதுவாகத் தின்றிருக்கிறது; இதைத்தான் சோர்வு முறிவு என்கிறோம். விளிம்புப் படிகள் பலவாக இருப்பது, விரிசல் ஒரே புள்ளியில் தொடங்காமல் சுற்றளவில் பல இடங்களில் ஒரே காலத்தில் தொடங்கியதைக் காட்டுகிறது. எஃகுக்குள் ஒரு குறை இருந்து அதனால் முறிந்திருந்தால் தொடக்கப் புள்ளி பெரும்பாலும் ஒன்றாகவே இருந்திருக்கும். சுற்றிலும் ஒரே அளவு மோசமாக இருந்தது தோளின் ஓரம் முழுவதும்தான்.

கணக்கைப் பார்ப்போம். பல்சக்கரம் பேரிங்கைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருக்கிறது. சங்கிலியின் இழுப்பு ஏறத்தாழ 20 kN, பேரிங் தோளிலிருந்து தூரம் 150 மி.மீ. என்று கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே வளைவுத் திருப்பம் 3 kN·m. 60 மி.மீ. விட்டத்துக்கு அது 141 MPa வளைவுத் தகைவைத் தருகிறது. ஷாஃப்ட் சுழல்வதால் அதன் மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒருமுறை 141 இழுப்புக்கும் ஒருமுறை 141 அமுக்கத்துக்கும் ஆளாகிறது. மாறாத முறுக்குத் தகைவும் இருக்கிறது. ஆனால் இங்கே முடிவை அது மாற்றாது, அதனால் விட்டுவிடுகிறேன். 1000 MPa எஃகில் வெறும் 141 என்றால் ஏழு மடங்கு பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றும். இந்தத் தோற்றத்தால்தான் பல ஷாஃப்ட்கள் முறிகின்றன.

ஒரு எஃகு முடிவில்லாமல் தாங்கக்கூடிய மாறுதகைவு, அதாவது சோர்வு எல்லை, அதன் இழுவிசை வலிமையில் ஏறத்தாழப் பாதி என்பது 1400 MPa வரையுள்ள எஃகுகளுக்குப் பொருந்தும் நல்ல தோராயம். ஆனால் அந்தப் பாதி கிடைத்தது ஏறத்தாழ 7.6 மி.மீ. விட்டமுள்ள, நீளவாக்கில் கண்ணாடிபோல் மெருகேற்றிய சிறு சோதனைத் தண்டில். நம் ஷாஃப்ட் பெரியது, லேத்தில் கடையப்பட்டது. அதனால் இரண்டு குறைப்புக் காரணிகளைப் பெருக்க வேண்டும். இங்கே Se சோர்வு எல்லை, Sut இழுவிசை வலிமை, ka பரப்புக் காரணி, kb அளவுக் காரணி, d விட்டம்:

```
Se = 0.5 × Sut × ka × kb
ka = 4.51 × Sut^(-0.265)   (கடைந்த பரப்பு, MPa)
ka = 1.58 × Sut^(-0.085)   (கிரைண்டிங் பரப்பு, MPa)
kb = 1.51 × d^(-0.157)     (d = 51 முதல் 254 மி.மீ. வரை)
```

முதலில் பரப்பு. 1000 MPa எஃகைக் கடைந்து விட்டால் ka 0.72, அதையே நன்றாகக் கிரைண்டிங் செய்தால் 0.88. 650 MPa எஃகுக்கு இவை 0.81, 0.91. எஃகு வலுவாக ஆக, அதே லேத் கோடுகள் அதன் வலிமையில் பெரிய பங்கைப் பறிக்கின்றன. மென்மையான எஃகில் கோட்டின் அடியில் தகைவு குவிந்தால் அந்த இடம் சற்றே நெகிழ்ந்து குவிதலைத் தணித்துவிடும். கடினமான எஃகு நெகிழ மறுப்பதால் முழுக் குவிதலையும் தானே சுமக்கிறது. லேத் கோடுகள் ஷாஃப்டைச் சுற்றி ஓடுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. வளைவுத் தகைவோ ஷாஃப்டின் நீளவாக்கில் இழுக்கிறது. ஆக, ஒவ்வொரு கோடும் இழுப்புக்குக் குறுக்கே வெட்டிய ஒரு சிறு பள்ளமாக, விரிசலுக்கு ஆகக்கூடிய மோசமான திசையில் அமைகிறது. எமரித் தாளால் மெருகேற்றும்போதும் நம் பட்டறைகளில் ஷாஃப்டைச் சுழலவிட்டுத் தாளைப் பிடிப்பதுதான் வழக்கம்; அதனால் பழைய கோடுகள் மெலிதாகின்றன, ஆனால் புதிய கோடுகளும் அதே திசையில்தான் விழுகின்றன. கடைசி மெருகு நீளவாக்கில் இருக்க வேண்டும்.

அளவுக் காரணி 60 மி.மீ.க்கு 0.79. ஆகவே உங்கள் புதிய ஷாஃப்டின் சோர்வு எல்லை 500 × 0.72 × 0.79, அதாவது ஏறத்தாழ 287 MPa. பழைய C45 ஷாஃப்டின் தோள் கிரைண்டிங் செய்யப்பட்டது. அதற்கு 325 × 0.91 × 0.79, ஏறத்தாழ 235 MPa. இழுவிசை வலிமை 54 விழுக்காடு கூடியும் சோர்வு எல்லை 22 விழுக்காடுதான் கூடியிருக்கிறது. மீதியைக் கிரைண்டிங் செய்யாமல் விட்ட பரப்பு எடுத்துக்கொண்டது. ஆயினும் 287 என்பது 235-ஐ விட அதிகம் அல்லவா, பிறகு ஏன் புதியது முறிந்தது?

இதற்கு விடை பழைய ஷாஃப்டின் தோளில் இருக்கிறது. நீங்கள் ரேடியஸ் கேஜ் வைத்து எடுத்த படத்தில் பழைய தோளின் மூலை வளைவான ஃபில்லெட்டின் ஆரம் 5 மி.மீ.; புதியதில் அது 1 மி.மீ. இந்த இடத்தில் உட்காரும் 22212 பேரிங்கின் உள்வளைய மூலையின் ஆரம் 1.5 மி.மீ.தான். அதைத் தோளோடு ஒட்டி உட்கார வைக்க வேண்டுமென்றால் ஷாஃப்டின் ஃபில்லெட் அதைவிடச் சிறியதாக இருந்தாக வேண்டும், கடைந்தவர் அப்படித்தான் செய்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் பேரிங்கும் அளவுகளும் மட்டுமே இருந்திருக்கும். பழைய ஷாஃப்டில் பேரிங்குக்கும் தோளுக்கும் நடுவே, உட்புற மூலை சாய்வாக வெட்டப்பட்ட ஒரு ஸ்பேசர் வளையம் இருந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுக்குள் பெரிய ஃபில்லெட் அடங்கிவிடும், பேரிங் வளையத்தின் தட்டையான முகத்தில் சாய்ந்துகொள்ளும். பழுது பார்க்கும் நாளில் ஒரு தடித்த வாஷர்போலத் தெரியும் அந்த வளையம் வேண்டாத துண்டு என்று ஓரமாகப் போயிருக்கலாம். பழைய பாகங்கள் கிடக்கும் பெட்டியில் தேடிப் பாருங்கள்.

60 மி.மீ. ஷாஃப்ட் 74 மி.மீ. தோளுக்கு ஏறும் இடத்தில், 5 மி.மீ. ஃபில்லெட்டும் பழைய எஃகும் சேர்ந்து தகைவை 1.6 மடங்கு ஆக்குகின்றன. 141 என்பது 226 ஆகிறது. எல்லை 235. நெருக்கம்தான், ஆனாலும் உள்ளே இருக்கிறது, பழைய ஷாஃப்ட் ஆண்டுக்கணக்கில் ஓடியதற்கு அது ஒத்துப்போகிறது. புதியதில் 1 மி.மீ. ஃபில்லெட்டும், பள்ளங்களுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டும் வலுவான எஃகும் சேர்ந்து அதை ஏறத்தாழ 2.2 மடங்கு ஆக்குகின்றன. 141 என்பது 310 ஆகிறது. எல்லை 287. எல்லையைச் சிறிதளவே தாண்டியிருப்பதால் முறிவு முதல் நாளில் வராது. ஒரு மில்லியன் சுற்றுக்குச் சற்றுக் கீழே வரும். நிமிடத்துக்கு 20 சுற்று, நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் மூன்று மாதத்தில் 936,000 சுற்று. சோர்வுக் கணக்கில் ஆயுள் இரண்டு மூன்று மடங்கு முன்பின் ஆவது இயல்பு என்பதால், இவ்வளவு நெருங்கி வந்ததை என் கணக்கின் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணம் சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்.

விட்டத்தைக் கூட்டினால் சோர்வு வலிமை குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்கான வலிமை குறைவது உண்மை. பெரிய ஷாஃப்டில் உச்சத் தகைவுக்கு அருகில் இருக்கும் உலோகத்தின் அளவு அதிகம், அதனால் அதில் ஏதோ ஓர் இடத்தில் பலவீனமான துகளோ கோடோ இருக்கும் வாய்ப்பும் அதிகம். மேற்பரப்பிலிருந்து உள்ளே போகப் போகத் தகைவு குறையும் வேகமும் பெரிய ஷாஃப்டில் மெதுவானது, ஆகவே தொடங்கிய விரிசலுக்கு உள்ளேயும் தீனி கிடைக்கிறது. ஆனால் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். 60-ஐ 66 ஆக்கினால் kb ஒன்றரை விழுக்காடு குறையும். வளைவுத் தகைவோ விட்டத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் இறங்குவதால் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். இடமிருந்தால் விட்டத்தைக் கூட்டத் தயங்கவே வேண்டாம். சிறு சோதனைத் தண்டின் எண்ணை அப்படியே பெரிய ஷாஃப்டுக்கு எடுத்துக்கொள்வதுதான் தவறு.

அளவு தொடர்பாக வேறொன்றை நான் கூடுதலாகக் கவனிப்பேன். தடித்த 4140 கம்பியை எண்ணெயில் குளிர்விக்கும்போது உட்பகுதி மேற்பரப்பளவு கடினமாவதில்லை. தடித்த கம்பியை ஆழமாகக் கடைந்து சிறிதாக்கினால், உங்கள் தோள் இருக்கும் ஆழத்தில் சான்றிதழ் சொல்லும் 1000 MPa இல்லாமல் போகலாம். முறிந்த துண்டில், தோளுக்குப் பக்கத்தில், கடினத்தன்மையை அளக்கச் சொல்லுங்கள். பிரினெல் எண்ணை 3.4-ஆல் பெருக்கினால் இழுவிசை வலிமை ஏறத்தாழ MPa-இல் கிடைக்கும். 295 வந்தால் சான்றிதழ் சரி, 240 வந்தால் மேலே போட்ட கணக்கையே மறுபடி போட வேண்டும்.

இனி ஷாட் பீனிங். சிறு உருண்டை எஃகு மணிகள் வேகமாக மோதும்போது ஒவ்வொரு மணியும் மேற்பரப்பைத் தட்டிச் சற்றே விரியச் செய்கிறது. அடியில் இருக்கும் உலோகம் அந்த விரிவுக்கு இடம் கொடுக்காமல் இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் மேல்தோல் நிரந்தரமாக அமுக்கத்தில் நின்றுவிடுகிறது. உங்கள் வகை எஃகில் அந்த அமுக்கம் இழுவிசை வலிமையில் ஏறத்தாழப் பாதி, அதன் ஆழம் மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்கு அளவு. வளைவு இழுக்கும்போது முதலில் இந்த அமுக்கத்தைத் தீர்த்த பிறகுதான் பரப்பு உண்மையான இழுப்பை உணரும். விரிசல் வாய் திறக்க வழியில்லை. பீனிங்குக்குப் பிறகு பரப்பு முன்பைவிடச் சொரசொரப்பாகத்தான் இருக்கும், இருந்தும் வலுவாக இருக்கும். சொரசொரப்பு எண்ணை மட்டும் பார்த்துச் சோர்வு வலிமையை மதிப்பிடுபவர்கள் இங்கே குழம்பிவிடுகிறார்கள்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. கப்பல் பட்டறைகளில் சாயம் பூசுவதற்கு முன் துருவை உரிக்கச் செய்யும் கிரிட் பிளாஸ்டிங்கும் இதுவும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருக்கும். கிரிட்டின் துகள்கள் கூர்முனை உடையவை, அவை பரப்பைக் கீறும். பீனிங் மணிகள் உருண்டையானவை, அவை தட்டும். உடைந்து கூராகிவிட்ட மணிகளைச் சலித்து நீக்காத கூண்டில் செய்த பீனிங்கும் பாதி கிரிட் பிளாஸ்டிங்தான். ‘பிளாஸ்டிங் செய்து தருகிறோம்’ என்று சொல்லும் இடத்துக்கு ஷாஃப்டை அனுப்பாதீர்கள். ஆல்மன் பட்டை வைத்து அளந்து காட்டுவார்களா என்று கேளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸில் பணிபுரிந்த ஜான் ஆல்மன் உருவாக்கிய முறை அது: 76 மி.மீ. நீளமும் 19 மி.மீ. அகலமும் உள்ள ஒரு மெல்லிய ஸ்பிரிங் எஃகுப் பட்டையை ஒரு பக்கம் மட்டும் மணிகளால் தாக்கினால் அது வளையும், அந்த வளைவின் உயரமே தாக்குதலின் தீவிரம். நேரத்தை இரட்டிப்பாக்கியும் உயரம் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடாத புள்ளியைக் கண்டறிந்து அந்த உயரத்தை எழுதித் தர வேண்டும். உங்கள் ஷாஃப்டுக்கு A பட்டையில் 0.20 முதல் 0.30 மி.மீ. வரை நியாயமான தீவிரம். பட்டையைத் தட்டையான இடத்தில் அல்ல, ஃபில்லெட் இருக்கும் இடத்திலும் கோணத்திலும் பொருத்தி எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட ‘போதுமா’ என்பதற்கு வருகிறேன். பீனிங் செய்த பரப்புக்கு நான் ka-வை 1 என்று எடுப்பேன், அதற்கு மேல் போகமாட்டேன். அப்படியானால் எல்லை 397 ஆகிறது. இருக்கும் 1 மி.மீ. ஃபில்லெட்டையே பீனிங் செய்தால் 397-க்கு எதிராக 310, காகிதத்தில் 1.28 மடங்கு பாதுகாப்பு. ஆனால் இந்த எண்ணை நான் நம்பமாட்டேன். மணியின் விட்டம் ஃபில்லெட் ஆரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, இல்லாவிட்டால் மணி மூலையின் அடியைத் தொடாமல் இரு சுவர்களிலும் பட்டுத் தெறிக்கும். 1 மி.மீ. ஆரத்துக்கு 0.43 மி.மீ. மணி, அதாவது S170, தேவை. பெரிய S330 மணிகளே நிரம்பிய கூண்டில் போட்டால் விரிசல் தொடங்கிய அந்த வட்டம் மட்டும் தட்டப்படாமல் தப்பிவிடும். ஆழமான கடைசல் கோடுகளின் அடியிலும் இதே கதைதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் ஃபில்லெட்டின் அடியைப் பார்த்தால் தெரிந்துவிடும்: குழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிறைந்து, லேத் கோட்டின் மின்னல் எங்கும் தெரியாமல் இருக்க வேண்டும். நூல்போல ஒரு கோடு சுற்றி ஓடிக்கொண்டிருந்தால் அந்த வேலை முடியவில்லை.

ஃபில்லெட்டை 5 மி.மீ. ஆக்கினால் வலுவான எஃகில் தகைவு 230 அளவில் நிற்கும். கடைந்த பரப்போடு விட்டால் பாதுகாப்பு 1.25, கிரைண்டிங் செய்தால் 1.5, மென்மையாகக் கடைந்து பீனிங் செய்தால் 1.7. முதலில் ஃபில்லெட், பிறகு பரப்பு, கடைசியில் பீனிங் என்பதே வரிசை. கிரைண்டிங்கைத் தேர்ந்தால் ஓர் எச்சரிக்கை. மழுங்கிய கல்லும் போதாத கூலன்டும் சேர்ந்தால் மேல்தோல் வெந்துவிடும். வெந்த தோல் ஆறும்போது இழுப்புத் தகைவோடு நிற்கும், அது பீனிங்குக்கு நேர் எதிரானது. ஜூரோங்கில் நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் பளபளவென்று கண்ணாடிபோல் வந்த ஒரு ஷாஃப்ட், கடைந்து மட்டும் விட்டிருந்த அதன் இணையைவிட முன்னதாக விரிசல் விட்டது. நைட்டால் கரைசலைத் தடவிப் பார்த்தபோது ஃபில்லெட்டைச் சுற்றிக் கரும்பட்டை ஒன்று தெரிந்தது. மூலையைத் தொடும் கிரைண்டிங்குக்குப் பிறகு அந்தச் சோதனையைக் கட்டாயமாகக் கேளுங்கள்.

பீனிங் எல்லாவற்றுக்கும் கடைசி வேலையாக இருக்க வேண்டும். பேரிங் உட்காரும் பரப்பை அதற்கு முன்பே அளவுக்குக் கிரைண்டிங் செய்து, பீனிங்கின்போது மூடி மறைக்க வேண்டும். பிறகு யாராவது ஃபில்லெட்டை ‘கொஞ்சம் மென்மையாக்கலாம்’ என்று எமரி பிடித்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்தக் கால் மில்லிமீட்டரைத்தான் தேய்க்கிறார். வளைந்த ஷாஃப்டைப் பிரஸ்ஸில் நிமிர்த்துவதும் அமுக்கத்தைக் கலைக்கும். 250 டிகிரி செல்சியஸை நெருங்கும் சூடும் அதைத் தளர்த்தும். பேரிங்கைப் பொருத்த அதை 110 டிகிரிக்குச் சூடாக்குவதில் தீங்கில்லை, ஆனால் சிக்கிக்கொண்ட பேரிங்கைக் கழற்ற கேஸ் டார்ச்சை எடுப்பதில் உண்டு. ஈரமும் உப்பும் சேர்ந்த கடலோரக் காற்றில் துருக்குழிகள் விழுந்துவிட்டால் மேலே சொன்ன எந்த எல்லையும் நிலைக்காது, ஆகவே ஃபில்லெட்டில் எண்ணெய்ப் பூச்சு எப்போதும் இருக்கட்டும்.

கிடங்கில் இருக்கும் ஷாஃப்டை வீணாக்க வேண்டியதில்லை. அதன் 1 மி.மீ. மூலையில் உலோகத்தைச் சேர்க்க முடியாது, ஆனால் 74 மி.மீ. தோளின் முகத்தை 8 மி.மீ. பின்னுக்கு வெட்டலாம். வெட்டும்போது தோளின் சொந்த உலோகத்திலிருந்தே 5 மி.மீ. ஃபில்லெட்டை விட்டுவைக்கச் சொல்லுங்கள். பழைய சிறு மூலை இருந்த இடம் நேரான 60 மி.மீ. பரப்பாகிவிடும். ஃபில்லெட்டின் அடி 60 மி.மீ. பரப்போடு சேரும் இடத்தில் விரல் நகம் தட்டாமல் வழுக்கிப் போக வேண்டும். நீளவாக்கில் மெருகேற்றி, 0.84 மி.மீ. மணியான S330-ஆல் பீனிங் செய்யுங்கள், 5 மி.மீ. ஆரத்துக்கு அது தாராளமாகப் போதும். பிறகு 8 மி.மீ. தடிப்பில், உட்புற மூலையில் 5.5 மி.மீ. சாய்வு வெட்டிய ஒரு வளையத்தைத் தோளுக்கும் பேரிங்குக்கும் நடுவே போட்டால் பேரிங் பழைய இடத்திலேயே உட்காரும். வளையத்தின் சாய்வுப் பக்கம் தோளைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் அதன் கூர்மூலை நேராக ஃபில்லெட்டில் ஏறி உட்கார்ந்துவிடும் என்பதால், எந்தப் பக்கம் உள்ளே என்பதை வளையத்தின் வெளிப்பரப்பிலேயே பொறித்துவிடுங்கள்.